அக்காவுக்கு மறுத்த எண்ணெய்

பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தத் தெருவில் யாருக்கும் அவரைத் தெரியாது. மூக்குக்காரர் வீடு எது என்று கேட்டால் போதும், வாசலில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து வழிகாட்டும். அவர் மூக்கு ஒன்றும் பெரிய மூக்கில்லை. ஊரார் மூக்கில் எண்ணெய் விடுகிற வேலை பார்ப்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். ஒட்டினது ஒட்டினதுதான், அவர் சம்சாரத்தைக்கூட மூக்குக்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த அம்மாளுக்கு அதில் வருத்தம் உண்டு. "கழுத்துக்கு நகை போட்டவருன்னு பேர் வாங்கிருந்தா எனக்காவது பிரயோஜனம்" என்பார்.

தவழ்கிற வயதில் தாயைப் பறிகொடுத்தவர் அவர். தூக்கி வளர்த்தது அக்கா. அக்காவுக்கே அப்போது பாவாடை தடுக்கும் வயது. இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டே தண்ணீர் தூக்கி, அடுப்பு மூட்டி வளர்ந்தவள் அவள். தையல்காரர் பெண் கேட்டு வந்தபோது, தம்பியும் கூட வருவான், சம்மதமென்றால் பேசலாம் என்று கதவுக்குப் பின்னால் நின்று சொல்லியனுப்பினாள். தையல்காரர் ஒன்றும் அந்நியரில்லை, இவர்கள் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்காள் மகன். "லைனிங் வச்ச துணி விலை கூடத்தான். சேர்ந்தேதான் வரும்னா வரட்டும்" என்று சிரித்துவிட்டு முடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் இவருக்குச் சொந்த அத்தான்.

அத்தான் தொழில் கற்றுக்கொடுத்துப் பார்த்தார். தம்பிக்குக் கத்தரி பிடித்தால் நேர்கோடு வளைந்தது, வளைவு நேராயிற்று. கடைசியில் தெருக்கோடி வைத்தியசாலையில் எண்ணெய் காய்ச்சும் அடுப்புக்கு விறகு தள்ளும் வேலைக்குப் போனார். அடுப்படியிலிருந்து தைலம் தேய்க்கும் அறைக்கும், அங்கிருந்து நசிய அறைக்கும் வந்து சேர்ந்தபோது தலை நரைத்துவிட்டது. மூக்கு வழியாக மருந்து எண்ணெய் விடுவதற்கு அங்கே நசியம் என்று பெயர். யாருக்கு, எந்த எண்ணெய், எவ்வளவு என்று சொல்வது வைத்தியரம்மா. விடுவது இவர்.

நசிய அறை சின்ன அறை. காற்று நேராக முகத்தில் அடிக்காதபடி ஜன்னல் மூடியிருக்கும். நடுவில் ஒரு மரக்கட்டில், பக்கத்தில் வெந்நீர்ப் பாத்திரம், அதற்குள் எண்ணெய்க் கிண்ணம் மிதக்கும். எண்ணெயை நேராக அடுப்பில் காட்டக் கூடாது. வெந்நீரின் சூட்டிலேயே இளஞ்சூடாக வேண்டும். அவர் முதலில் தன் மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்ப்பார், பால் புட்டியைப் பார்க்கிற தாய் மாதிரி.

வருகிறவர்களிடம் அவர் கேட்கிற கேள்விகள்தான் பெரிய கூத்து. ஒருநாள் தலைவலிக்காரர் ஒருவர், பஸ் கண்டக்டர், வந்து கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டார்.

"சாப்பிட்டாச்சா?"

"ஏன், சாப்பாடு போடுவீங்களா?"

"சாப்பிட்டிருந்தா எந்திரிங்க. வயிறு நிறைஞ்சிருந்தா இன்னிக்கு இல்ல. பட்டினியாவும் இருக்கக் கூடாது."

"லேசாத்தான் சாப்பிட்டேன். அதுவும் விடிகாலையில."

"சரி. தலைக்குக் குளிச்சீங்களா? காய்ச்சல், சளி, இருமல்? மூக்குல ரத்தம் வருமா? ராத்திரி ஏதாவது ஊத்திக்கிட்டீங்களா?"

"நீங்க என்னய்யா, எங்க மாமியாரைவிடத் துருவித் துருவிக் கேக்குறீங்க!"

"மாமியார் கேக்குறது மானத்துக்கு. நான் கேக்குறது நெஞ்சுக்கு. பதில் சொல்லுங்க."

எல்லாவற்றுக்கும் இல்லை என்ற பதில் வந்த பிறகுதான் கையைத் துடைப்பார். நெற்றி, கன்னம், மூக்கின் இரண்டு பக்கம், கழுத்து என்று எண்ணெய் தேய்த்து, கண்ணை ஈரப் பஞ்சால் மூடி, வெந்நீரில் முக்கிப் பிழிந்த துணியால் முகத்துக்கு ஒத்தடம் கொடுப்பார். தோளுக்கடியில் தலையணை வைத்துத் தலையைப் பின்னால் சரித்து, இடது கட்டைவிரலால் மூக்கு நுனியைத் தூக்கி, ஒரு துவாரத்தை அடைத்து மற்றதில் வைத்தியரம்மா சொன்ன அளவு சொட்டுவார். பிறகு அடுத்த துவாரம். "இழுங்க, மெதுவா. உறிஞ்சாதீங்க, இது என்ன டீயா?" என்பார். உள்ளங்கையையும் உள்ளங்காலையும் தேய்த்துவிடுவார். தொண்டைக்கு எண்ணெய் இறங்கியதும் பக்கவாட்டில் திரும்பித் துப்பச் சொல்வார். விழுங்கக் கூடாது. துப்பி முடித்து, கொஞ்சம் படுத்திருந்து, வெந்நீரால் வாய் கொப்பளித்தால் வேலை முடிந்தது. அன்று முழுக்கத் தலைக்குக் குளியல் வேண்டாம், குளிர்ந்த தண்ணீர் வேண்டாம், தூசியில் நிற்க வேண்டாம்.

கர்ப்பிணிகளை அவர் அந்தக் கட்டிலில் ஏற்றியதில்லை. பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரிகளையும், மூச்சிரைப்பு கிளம்பிய ஆட்களையும் திருப்பி அனுப்பிவிடுவார். கைக்குழந்தையின் சளிக்கு ஒரு சொட்டு விடுங்கள் என்று தூக்கி வருகிறவர்களுக்கு மட்டும் வைத்தியரம்மாவிடமிருந்தே திட்டு விழும். "அதுக்குத் துப்பத் தெரியுமா? நெஞ்சுக்குள்ள போன எண்ணெயை யார் போய் எடுக்கிறது?" என்று.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வேளையில்தான் அக்கா விழுந்தாள். வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள் வாளியோடு சாய்ந்தாள். பக்கவாதம். ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பியபோது வலது கையும் காலும் துவண்டிருந்தன, வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது, பேச்சு குழறியது. அந்தத் தெருவிலேயே சத்தமான குரல் அவளுடையது. வாசல் தையல் கடைக்குள் உட்கார்ந்திருக்கும் புருஷனைச் சமையலறையிலிருந்தே சாப்பிடக் கூப்பிட்டால் எதிர்வீட்டுக்காரனும் கை கழுவுவான். அந்தக் குரல் இப்போது வாய்க்குள்ளேயே சுருண்டு கிடந்தது.

ஆஸ்பத்திரியில் சொன்ன மாத்திரையை நிறுத்தாமல், கைகால்களுக்கு வைத்தியசாலையில் தைலம் தேய்த்தார்கள். விரல்கள் கொஞ்சம் அசைந்தன. அத்தானுக்கு ஆசை வளர்ந்தது. வைத்தியசாலை பெஞ்சில் காத்திருக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? வாய் கோணினால் நசியம்தான் மருந்து என்று ஒருவர் சொல்ல, தன் மச்சினனுக்கு அதில்தான் முகம் நேரானது என்று இன்னொருவர் சத்தியம் செய்தார். அத்தான் நேராக வைத்தியரம்மாவிடம் போய் நின்றார்.

வைத்தியரம்மா இல்லை என்று உடனே சொல்லவில்லை. அக்காவை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு கரண்டித் தண்ணீர் கொடுத்தார். விழுங்கியதும் பேசச் சொன்னார். அக்காவின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி களகளவென்று வந்தது. கொஞ்சம் கழித்து இருமல். காறித் துப்பச் சொன்னார். அக்கா முயன்றாள், எச்சில் மோவாயில் வழிந்ததே தவிர துப்ப வரவில்லை.

"முகவாதத்துக்கு நசியம் உண்டு. நான் இல்லைங்கல. ஆனா இவங்களுக்கு இப்போ தொண்டைக்கு வந்ததை விழுங்கவும் தெரியல, துப்பவும் தெரியல. மூக்குல விட்ட எண்ணெய் பின்னால இறங்கித் தொண்டைக்கு வரும். அது வழி தப்பி நெஞ்சுக்குப் போயிடும். தண்ணியாவது இருமலைக் கிளப்பும். எண்ணெய் சத்தமே போடாம வழுக்கிக்கிட்டு இறங்கிடும். வேண்டாங்க."

அத்தான் வெளியே வந்து மச்சானைப் பிடித்துக்கொண்டார். "அந்தம்மா ஆயிரம் சொல்லும். கை உன்னோடதுதானே? ஊருல போறவன் வர்றவன் மூக்குக்கெல்லாம் விடுற. உன்னை இடுப்புல தூக்கிச் சுமந்தவ மூக்கு மட்டும் ஆகாதாக்கும்?"

"அத்தான், ஆகாததுனாலதான் விடல."

"வீட்டுக்கு வந்து யாருக்கும் தெரியாம விடேன்."

"யாருக்கும் தெரியாட்டி அக்காவோட நெஞ்சுக்குத் தெரியாமப் போயிடுமா?"

அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது போகட்டும், ஆண்பிள்ளைக் கோபம் நாலு நாளில் இறங்கிவிடும். அக்காவும் முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் மூக்குக்காரரைச் சுட்டது. அன்றிலிருந்து அவர் போய் உட்கார்ந்தால் அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள்.

கொஞ்ச நாள் போனது. அத்தான் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வைத்தியசாலைக்கு வந்தார். பொய்யில்லை, காலமெல்லாம் மிஷினுக்குக் குனிந்த கழுத்து அது. கழுத்தோடு தலைபாரமும் இருந்தது. வைத்தியரம்மா பார்த்து நசியம் சொன்னார். மச்சானே அத்தானுக்குச் சொட்டுவிட்டார். கோபம் போய் அத்தான் சிரித்துப் பேசியதில் மூக்குக்காரருக்கு அத்தனை சந்தோஷம். அத்தானும் நல்ல மாணவர் மாதிரி ஒவ்வொன்றாய்க் கேட்டார். சூடு எவ்வளவு இருக்கணும், தலை எவ்வளவு சரியணும், ஏன் உள்ளங்காலைத் தேய்க்கிற. மச்சானும் ஒளிக்காமல் சொன்னார். வைத்தியம் முடிந்த நாளில், காலையில் பல் விளக்கினபின் துவாரத்துக்கு ரெண்டு சொட்டு மட்டும் வீட்டில் விட்டுக்கொள்ளச் சொல்லி வைத்தியரம்மா சின்ன எண்ணெய்ப் புட்டி ஒன்று எழுதிக் கொடுத்தார். அப்படிப் பலருக்கும் கொடுப்பதுதான். எடுத்து நீட்டியது மூக்குக்காரர் கை.

மழை பிடித்த ஒரு வாரம். அக்காவுக்குக் காய்ச்சல் என்று அத்தான் சொல்லியனுப்ப, காலையிலேயே மூக்குக்காரரும் சம்சாரமும் போனார்கள். அக்கா உதடு வெளுத்து, மூச்சை மேலே மேலே இழுத்துக்கொண்டு கிடந்தாள். நெஞ்சுக்குள் ஈரமாக ஓர் இருமல். அத்தான் மழைக்காற்றைத் திட்டிக்கொண்டிருந்தார்.

தலையணை உறையை மாற்றப் போன சம்சாரம் அதை மூக்கருகே கொண்டுபோய் நின்றுவிட்டார்.

"ஏங்க, இங்க வாங்களேன். உங்க சட்டையில வர்ற வாசனை அண்ணி தலையணையில எப்படி வருது?"

மூக்குக்காரர் வாங்கிப் பார்த்தார். முகர வேண்டிய தேவையே இல்லை, பார்த்ததும் தெரிந்தது. தலை பின்னால் சரிந்து கிடந்தால் எண்ணெய்க் கறை எந்த இடத்தில் விழுமோ அந்த இடத்தில் மஞ்சளாகப் படிந்திருந்தது.

"அத்தான்?"

"தைலம்டா. நெத்திக்குத் தேய்ச்சேன்."

அங்கே நின்று வழக்குப் பேச நேரமில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, மூக்கில் ஆக்ஸிஜன் மாட்டி, படம் எடுக்கச் சொன்னார். படத்தில் வலது நெஞ்சின் அடிப்பக்கம் வெள்ளையாக மூடியிருந்தது. "நிமோனியா மாதிரி இருக்கு. சாப்பிடும்போது புரையேறுச்சா? வேற ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்லைங்க" என்றார் அத்தான்.

மூக்குக்காரர் அத்தானின் கையைப் பிடித்துக் காரிடார் மூலைக்குக் கூட்டிப் போனார். அங்கே தண்ணீர்க் குழாயடியில் யாரோ டிபன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"அத்தான், நான் உங்களைக் குத்தம் சொல்ல வரல. டாக்டர் புரையேறினதுக்கு மருந்து குடுத்து அனுப்பிடுவாங்க. அக்கா வீட்டுக்கு வருவா. நீங்க திரும்ப விடுவீங்க. அப்புறம் அவ இருக்க மாட்டா. உள்ள போனது எண்ணெய்னு அவங்களுக்குத் தெரியணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

அத்தான் குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஜன்னலைச் சாத்திட்டுத்தான் விட்டேன் மச்சான். வெந்நீர்ல வச்சுத்தான் சூடு பண்ணேன். கையில விட்டுப் பார்த்தேன். முகத்துக்கு ஒத்தடம் குடுத்தேன். வெறும் வயித்துல விடல, நிறைஞ்ச வயித்துலயும் விடல. ரெண்டே சொட்டுல ஆரம்பிச்சேன். அவ இருமக்கூட இல்ல. சரியாத்தான் போகுதுன்னு அப்புறம் கூட்டிக்கிட்டேன். நீ செஞ்ச மாதிரியேதான் செஞ்சேன்."

அத்தனையும் சரி. கத்தரியால் வெட்டின மாதிரி ஒரு நூல் பிசகவில்லை. மூக்கு மட்டும்தான் தப்பு மூக்கு.

"துப்பச் சொன்னீங்களா?"

"சொன்னேன். துணியால துடைச்சேன்."

"துப்பினாளா?"

"அவதான் கேட்டா" என்றார் அத்தான். "புட்டியைக் காட்டிக் காட்டி அழுதா. உன் தம்பி திட்டுவான்னேன். இடது கையால என் சட்டையைப் புடிச்சு இழுத்தா. பேச்சு வந்துடும்னு அவளுக்கு நம்பிக்கை. எனக்கும்தான். வீட்டுல சத்தமே இல்ல மச்சான். மிஷின் சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டிருந்தா பைத்தியம் புடிக்குது."

அவரே உள்ளே போனார். இவர் கதவோரம் நின்றார். தையல்காரர் டாக்டரிடம் சட்டைப்பையில் இருந்த புட்டியையும் எடுத்து நீட்டி, எந்நாள் தொடங்கி எப்படி விட்டது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். டாக்டர் அதட்டவில்லை. வேகமாக எழுதி, யாரையோ கூப்பிட்டார்.

"சொன்னதுக்கு நன்றிங்க. இது தெரியாட்டி வெறும் கிருமின்னு நினைச்சிருப்போம். எண்ணெய் நெஞ்சுக்குள்ள தங்கிடும், உடம்பால அதைக் கரைச்சு வெளியேத்த முடியாது. ஸ்கேன்ல பார்த்துட்டுத் தேவைப்பட்டா குழாய் விட்டுக் கழுவுவோம். இனிமே ஒரு சொட்டுகூட வேண்டாம். இப்போதைக்கு வாய் வழியா எதுவும் வேண்டாம், மூக்குல ட்யூப் போட்டுத்தான் சாப்பாடு."

ஸ்கேனில் எண்ணெய்தான் என்று தெரிந்தது. மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுக் கழுவினார்கள். வந்த தண்ணீரின் மேலே பளபளவென்று எண்ணெய் ஆடை மிதந்ததாம். காய்ச்சல் இறங்க நாளானது. இரண்டு முறை, இனி உங்கள் ஆட்கள் எல்லாரும் வந்து பார்த்துவிடுங்கள் என்கிற அளவுக்குப் போய்த் திரும்பினாள். அந்த நாட்களில் மூக்குக்காரர் வேலைக்குப் போய்விட்டு வார்டுக்கு வருவார், வார்டிலிருந்து வேலைக்குப் போவார். வைத்தியரம்மாவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னார். அந்த அம்மாள், "புட்டி குடுத்தது நான்தான். அவர் வீட்டுல யார் படுத்திருக்காங்கன்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சும் கேக்கல" என்றார். அன்றைய மிச்ச நோயாளிகளை மறுநாள் வரச் சொல்லிவிட்டு அக்காவைப் பார்க்கப் போனார்.

அதற்கப்புறம் அங்கே ஒரு கேள்வி கூடிவிட்டது. புட்டி வாங்குகிற எவரையும் மூக்குக்காரர் விடுவதில்லை.

"உங்க வீட்டுல வேற யாரெல்லாம் இருக்காங்க?"

"ஏன், பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"கைக்குழந்தை உண்டா? படுக்கையில யாராவது? வாதம் வந்தவங்க? புரையேறுறவங்க?"

இருக்கிறார்கள் என்றால் புட்டி கிடையாது. தினம் இங்கேயே வந்து விட்டுக்கொண்டு போக வேண்டும். சிலர் முணுமுணுப்பார்கள். கண்டக்டர் ஒருநாள், "மூக்குக்குத்தானே எண்ணெய் கேட்டேன், ஜாதகமா கேட்டேன்?" என்று கோபித்துக்கொண்டு போய், மறுநாள் அவரே திரும்பி வந்தார். வீட்டில் பேரன் பிறந்திருந்தான்.

அக்கா தேறிக்கொண்டிருந்தாள். விழுங்கப் பழக்கிக் கொடுக்க ஆஸ்பத்திரியில் ஓர் அம்மாள் வருவார். நிமிர்ந்து உட்காரவைத்து, மோவாயை நெஞ்சோடு தாழ்த்தி, பாலில் மாவு கரைத்துக் கெட்டியாக்கி அரைக்கரண்டி. விழுங்கியபின் குரலைக் கேட்பார். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து அளவெடுக்கிற கண்ணோடு பார்த்துக்கொண்டிருப்பார்.

ட்யூபை எடுத்த நாளில் மூக்குக்காரர் போயிருந்தார். அக்கா சுவரைப் பார்க்கவில்லை. இடது கையை ஆட்டிப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். பேச்சு இன்னும் குழறல்தான். ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள்.

"நீ... விட்டிருந்தா... அவர் விட்டிருக்க... மாட்டார்."

"நான் விட்டிருந்தா நீ அன்னிக்கே போயிருப்பேக்கா."

அவள் யோசித்தாள். "கெட்டவன்டா... நீ" என்றாள். கோணின வாயில் சிரிப்பும் கோணலாகவே வந்தது. மூக்குக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அழுதது அவர்தான். அக்கா அழவில்லை, அவளுக்குப் பசி.

அத்தான் பால் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். மோவாயைத் தாழ்த்தச் சொல்லி அரைக்கரண்டி கொடுத்தார். அவள் விழுங்கினாள். மூவரும் காத்திருந்தார்கள். இருமல் வரவில்லை.

"ஏதாவது பேசு பாப்போம்" என்றார் அத்தான்.

அக்கா புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். களகளப்பு இல்லாத குரலில், மெல்ல, ஆனால் தெளிவாகவே சொன்னாள்: "உப்பு... இல்ல."

"பால்ல உப்பு எதுக்குடி?" என்றார் அத்தான், அடுத்த அரைக்கரண்டியை எடுத்துக்கொண்டே.